உரிமையா, உரிமமா? ஃப்ரீலான்ஸ் டெவலப்பர் கட்டித் தரும் இணையதளம் யாருக்குச் சொந்தம்

இணையதளம் கட்டி முடிந்து, கடைசித் தவணையும் கொடுத்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. தளத்தில் ஒரு மாற்றம் வேண்டும். பழைய டெவலப்பருக்கு நேரமில்லை என்பதால் வேறொருவரிடம் வேலையைக் கொடுக்கிறீர்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி, “மூலக் கோப்புகள் எங்கே?” பழையவரிடம் கேட்டால், “தளத்தைத்தான் கொடுத்துவிட்டேனே, டிசைன் கோப்பும் கூடுதல் வசதிக்கு நான் எழுதிய பிளக்இன் நிரல் கோடும் ஒப்பந்தத்தில் இல்லையே” என்கிறார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் “தளத்தின் முழு உரிமையும் வாடிக்கையாளருக்கே” என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

அந்த ஒரு வரி பல இடங்களில் உதவாமல் போகிறது. ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக என்ன எழுத வேண்டும் என்பதையும் அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## பணம் கொடுத்ததால் பதிப்புரிமை மாறுவதில்லை

பதிப்புரிமை ஒரு படைப்பு உருவாகும் கணத்திலேயே பிறக்கிறது. பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள எல்லா நாடுகளிலும் அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. கோடை எழுதியவர், படத்தை வரைந்தவர், பக்கத்தை எழுதியவர் ஆகியோரே அதன் முதல் உரிமையாளர்கள். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் தன் பணியின் பகுதியாக எழுதியது பொதுவாக முதலாளிக்குப் போகும். ஃப்ரீலான்ஸர் சம்பள ஊழியர் அல்ல. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

சில நாட்டுச் சட்டங்களைப் பார்த்தால் இது தெளிவாகும்.

1. இந்தியா: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பு என்ற வகையில் அடங்குகிறது. பிரிவு 17இன்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், ஓவியம் போன்ற சிலவற்றுக்கு மட்டும், வேறு உடன்பாடு இல்லாதபோது பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கோடு அந்தப் பட்டியலில் இல்லை.
2. அமெரிக்கா: 1976ஆம் ஆண்டுச் சட்டம், வெளியாளிடம் சொல்லிச் செய்வித்த படைப்பு சொன்னவருக்கே சொந்தமாவதற்கு ஒன்பது வகைகளை மட்டும் குறிக்கிறது. அதற்கும் எழுத்து மூல உடன்பாடு வேண்டும். தனியாக எழுதித் தரப்படும் மென்பொருள் அந்த ஒன்பதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை.
3. பிரிட்டன்: 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை கைமாற வேண்டுமானால் கொடுப்பவர் கையெழுத்திட்ட எழுத்து மூல ஆவணம் தேவை. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் இதே விதிதான்.

எழுத்தில் எதுவுமே இல்லாவிட்டால் வாடிக்கையாளர் நடுத்தெருவில் நிற்பார் என்று பொருளல்ல. பணம் வாங்கிக்கொண்டு தளத்தைக் கொடுத்ததால், அதைப் பயன்படுத்த மறைமுகமான அனுமதி இருப்பதாக நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. அந்த அனுமதி எதுவரை செல்லும் என்பதில்தான் சிக்கல். தளத்தை வேறொருவரைக் கொண்டு மாற்றி எழுதலாமா, அதே கோடில் இரண்டாவது தளம் கட்டலாமா, நிறுவனத்தை விற்கும்போது தளத்தையும் சேர்த்து விற்கலாமா என்பதற்கெல்லாம் அந்த மறைமுக அனுமதியில் உறுதியான பதில் இல்லை.

## முதலில் சொற்கள்

உரிமை, உரிமம். இரண்டுக்கும் இடையே ஈற்றில் மட்டும்தான் வேறுபாடு. பொருளோ வெகு தூரம். உரிமை என்றால் படைப்பு உங்களுடையது. விற்கலாம், மாற்றலாம், பிறர் எடுத்தாள்வதைத் தடுக்கலாம். உரிமம் என்றால் படைப்பு வேறொருவருடையது, அதைக் குறிப்பிட்ட வரம்புக்குள் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இருக்கிறது. தமிழில் எழுதும் ஒப்பந்தங்களில் இந்த இரண்டும் தட்டச்சுப் பிழையாலேயே இடம் மாறிவிடுவதுண்டு. கையெழுத்திடும் முன் இந்தச் சொல் வரும் ஒவ்வோர் இடத்தையும் தேடிப் பார்க்க வேண்டும்.

ஒப்படைப்பு. பதிப்புரிமையையே ஒருவர் மற்றவருக்கு மாற்றிக் கொடுப்பது. உரிமையைப் பெறும் வழி இதுதான்.

பதிப்புரிமை, காப்புரிமை. காப்புரிமை என்ற சொல்லைச் சிலர் கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட்டுக்கும், சிலர் காப்பிரைட்டுக்கும் எழுதுகிறார்கள். ஒப்பந்தத்தில் “பதிப்புரிமை” என்றே எழுதுவது நல்லது.

மூலக் கோப்பு. மனிதர் திறந்து திருத்தக்கூடிய வடிவம். தளத்தில் ஓடுவது பெரும்பாலும் அதிலிருந்து சுருக்கித் தயாரித்த வடிவம். `style.min.css` என்ற கோப்பு உலாவிக்குப் போதும், அடுத்த டெவலப்பருக்குப் போதாது. அவருக்கு அது எந்த `.scss` கோப்புகளிலிருந்து உருவானதோ அவை வேண்டும்.

## ஒரு தளத்தைப் பிரித்துப் பார்த்தால்

கற்பனையாக ஒரு பதிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். 240 நூல்களுக்கு ஒரு தளம். நூல் பட்டியல், தேடல், ஆர்டர் எடுக்கும் வசதி. டெவலப்பர் வேர்ட்பிரஸில் கட்டிக் கொடுத்தார். ஒப்பந்தத்தில் நாம் மேலே பார்த்த அதே ஒற்றை வரி. அந்தத் தளம் எதனால் ஆனது என்று கழற்றிப் பார்த்தால் ஏழு பொருள்கள் தேறுகின்றன.

1. பதிப்பகத்துக்காகவே புதிதாக எழுதிய தீம், அதாவது தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோடு.
2. நூல் தேடல் பிளக்இன். டெவலப்பர் இதை வேறு தளங்களுக்காக முன்பே எழுதியிருந்தார், இங்கே சில மாற்றங்களோடு சேர்த்தார்.
3. ஆர்டர் பகுதி. டெவலப்பர் தன் நண்பரான இன்னொரு நிரலாளரிடம் கொடுத்து எழுதி வாங்கியது.
4. வேர்ட்பிரஸ், அதன் மேல் யாரும் எடுத்தாளும்படி பொதுவில் வைத்த கோடுத் தொகுப்புகளான சில திறமூல நூலகங்கள், ஆண்டுக் கட்டணம் கட்டும் ஒரு படிவப் பிளக்இன்.
5. ஃபிக்மாவில் வரைந்த டிசைன்.
6. விலை கொடுத்து வாங்கிய ஓர் எழுத்துருவும், பட வங்கியிலிருந்து எடுத்த சில படங்களும்.
7. 12 பக்க எழுத்து. அதில் ஏழு பதிப்பகமே எழுதியது, ஐந்து டெவலப்பர் அமர்த்திய எழுத்தாளர் எழுதியது.

“முழு உரிமையும் வாடிக்கையாளருக்கே” என்ற வரியை இந்த ஏழின் மேலும் வைத்துப் பார்ப்போம். முதலாவதையும் ஐந்தாவதையும் டெவலப்பரால் கொடுக்க முடியும். இரண்டாவதை முழுதாகக் கொடுத்தால் தன் மற்ற வாடிக்கையாளர்களின் தளங்களையே அவர் தொட முடியாது. ஆகவே அவர் அதை அந்தப் பொருளில் சொல்லவில்லை என்று வாதிடுவார், அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. மூன்றாவதும், ஏழாவதில் ஐந்து பக்கங்களும் அவருடையவையே அல்ல. நண்பரும் எழுத்தாளரும் அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலொழிய, தன்னிடம் இல்லாததை அவர் பதிப்பகத்துக்குக் கொடுக்க முடியாது. நான்காவதும் ஆறாவதும் முழுக்க மூன்றாமவர்களுடையவை. ஏழில் இரண்டுதான் சிக்கலில்லாமல் கைமாறுகின்றன.

ஆகவே நல்ல உரிமைப் பிரிவு “எல்லாம்” என்று சொல்லாது. எது எந்தக் கூடையில் விழுகிறது என்று சொல்லும்.

## கோடுக்கு மூன்று கூடைகள்

முதல் கூடை, இந்த வேலைக்காகப் புதிதாக எழுதியது. இது ஒப்படைப்பாக வர வேண்டும். மேலே சொன்ன தீமும் ஆர்டர் பகுதியும் இதில் சேரும். துணை ஒப்பந்தக்காரர் இருப்பதால் கூடவே ஒரு வரி தேவை: டெவலப்பர் வேறு யாரையாவது பயன்படுத்தினால், அவர்களிடமிருந்து இதே அளவு உரிமையை முதலில் எழுத்தில் பெற்றிருக்க வேண்டும், கேட்டால் அதன் நகலைக் காட்ட வேண்டும். இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் உரிமைச் சங்கிலி நடுவில் அறுந்திருக்கும். நிறுவனத்தை யாராவது விலைக்கு வாங்க வந்து ஆவணங்களைத் துருவும் நாளில்தான் அது தெரியவரும்.

இரண்டாம் கூடை, டெவலப்பர் முன்பே வைத்திருந்தது. இதை ஒப்படைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவது இரு தரப்புக்கும் வீண். அனுபவமுள்ள டெவலப்பர் தன் கருவிப் பெட்டியை ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்க மாட்டார். கொடுக்க வேண்டியதும் இல்லை. வாடிக்கையாளருக்கு உண்மையில் வேண்டியது ஐந்து பண்புகள் கொண்ட உரிமம்: காலவரையற்றது, திரும்பப் பெற முடியாதது, கூடுதல் கட்டணம் இல்லாதது, வேறொரு டெவலப்பரைக் கொண்டு மாற்ற அனுமதிப்பது, தளத்தோடு சேர்த்து அடுத்தவருக்கு மாற்றித் தர அனுமதிப்பது. கடைசி இரண்டும்தான் பெரும்பாலும் விடுபடுகின்றன. “பயன்படுத்தும் உரிமம்” என்று மட்டும் எழுதினால், புதிய டெவலப்பர் அந்தத் தேடல் பிளக்இனில் ஒரு வரியைத் திருத்துவதே கேள்விக்குள்ளாகும்.

இந்தக் கூடையில் என்ன இருக்கிறது என்பதைப் பெயர் சொல்லி அட்டவணையாக ஒப்பந்தத்தின் பின்னால் இணைக்க வேண்டும். அட்டவணையில் எழுதாதது எல்லாம் முதல் கூடையில் சேரும் என்ற வரியும் வேண்டும். பட்டியலைத் தரும் பொறுப்பு டெவலப்பருடையது. எது பழையது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் பழைய பிளக்இனில் இந்த வேலைக்காகச் செய்த மாற்றங்கள் யாருக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாற்றங்களைப் பழைய கோடிலிருந்து பிரித்தெடுப்பது கடினம் என்பதால் அவற்றை டெவலப்பரிடமே விட்டு, உரிமத்தைப் பரந்ததாக வாங்குவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

மூன்றாம் கூடை, பிறருடையது. திறமூல மென்பொருளும் விலைக்கு வாங்கிய பிளக்இன்களும் இதில் வரும். இங்கே டெவலப்பர் எதையும் ஒப்படைப்பதில்லை, எது எந்த உரிமத்தில் இருக்கிறது என்று தெரிவிக்கிறார். எம்ஐடி உரிமம் என்றால் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் அழிக்காமல் வைத்திருந்தால் போதும். வேர்ட்பிரஸ், யாரும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதைச் சார்ந்து எழுதும் தீம், பிளக்இன்களின் பிஎச்பி கோடும் ஜிபிஎல்லின் கீழ்தான் வரும் என்பது வேர்ட்பிரஸ் திட்டத்தின் நிலைப்பாடு. ஜிபிஎல்லில் கொடுத்த கோடை மாற்றக்கூடாது என்று டெவலப்பர் தனியாகத் தடை போட முடியாது. அதை நம்பி உரிமைப் பிரிவை எழுதாமல் விடுவதும் தவறு. டிசைனும் படங்களும் தளத்தின் எழுத்தும் அந்தப் பாதுகாப்புக்குள் வருவதில்லை.

ஏஜிபிஎல் உரிமத்தில் உள்ள நூலகம் ஏதாவது கலந்திருக்கிறதா என்பதை மட்டும் தனியே பார்க்க வேண்டும். அதை மாற்றி இணைய வழியாகப் பிறர் பயன்படுத்தும்படி ஓட்டினால், அந்தப் பயனர்களுக்கு மூலக் கோடைக் கொடுக்கும் கடமை வருகிறது. இந்தப் பட்டியலைக் கையால் தயாரிக்கத் தேவையில்லை. பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் இரண்டு கட்டளைகள் பெரும்பகுதியைச் சொல்லிவிடும்:

```
composer licenses
npx license-checker
```

இவை தொகுப்பு மேலாளர் வழியாக வந்த நூலகங்களை மட்டுமே காட்டும். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய கோடைக் காட்டாது. அதற்கு டெவலப்பரின் எழுத்து மூல உறுதிமொழி வேண்டும்: அட்டவணை முழுமையானது, அதில் விடுபட்ட ஒன்றால் சிக்கல் வந்தால் மாற்றுச் செலவு தன்னுடையது.

## ஒப்படைப்பு வரியின் இலக்கணம்

“ஒப்படைக்கிறார்”, “ஒப்படைப்பார்”, “ஒப்படைக்க ஒப்புக்கொள்கிறார்.” பேச்சில் மூன்றும் ஒன்றுதான். சட்டத்தில் அப்படியில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கும் ரோஷ் நிறுவனத்துக்கும் நடந்த பேட்டன்ட் வழக்கில், ஓர் ஆய்வாளர் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்க ஒப்புக்கொள்வதாகவும், வேறொரு நிறுவனத்திடம் இதன் மூலம் ஒப்படைப்பதாகவும் கையெழுத்திட்டிருந்தார். பிந்தைய வாசகமே உரிமையை உடனே மாற்றியது என்று 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. முந்தையது எதிர்காலத்தில் செய்வதற்கான வாக்குறுதியாகவே நின்றது. அது பேட்டன்ட் வழக்கு, நம்முடையது பதிப்புரிமை. ஆனாலும் வினைமுற்றை எப்படி எழுதுவது என்பதற்கு அது நல்ல பாடம்.

இந்தியச் சட்டத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பிரிவு 19இன்படி ஒப்படைப்பில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். கட்டி முடித்துத் தொடங்காமல் கிடப்பில் போட்ட தளத்துக்கு இந்தக் கடைசி விதி நேரடியாகப் பொருந்தும். ஜெர்மனியிலோ பதிப்புரிமையை உயிரோடிருக்கும் ஒருவர் மற்றவருக்கு மாற்றவே முடியாது, பயன்பாட்டு உரிமைகளைத்தான் கொடுக்கலாம். டெவலப்பர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது இணைய வேலையில் அடிக்கடி மாறும் என்பதால், ஒப்படைப்பு செல்லாத இடத்துக்கும் ஒரு மாற்று வழி வேண்டும்.

இவை எல்லாவற்றையும் சேர்த்தால் வரி ஏறத்தாழ இப்படி வரும்:

> “அட்டவணை ‘அ’வில் கண்ட புதிய படைப்புகளின் மீதான பதிப்புரிமை முழுவதையும், அதன் முழுக் காலத்துக்கும், உலகம் முழுமைக்கும், பிரிவு 6இல் கண்ட தவணை கிடைத்த கணத்திலிருந்து செல்லும்படி, டெவலப்பர் இதன் மூலம் வாடிக்கையாளருக்கு ஒப்படைக்கிறார். வாடிக்கையாளர் எவ்வளவு காலம் பயன்படுத்தாவிட்டாலும் இந்த ஒப்படைப்பு காலாவதியாகாது. எந்த நாட்டுச் சட்டத்திலாவது இது செல்லாதெனில், அந்த அளவுக்கு, தனிப்பட்ட, காலவரையற்ற, மாற்றித் தரத்தக்க உரிமமாக இது கொள்ளப்படும்.”

“தனிப்பட்ட” என்பது இங்கே வாடிக்கையாளருக்கு மட்டுமே, டெவலப்பர் உட்பட வேறு யாருக்கும் இல்லை என்ற பொருளில் வருகிறது. ஒப்பந்தத்தின் வரையறைப் பகுதியில் அதையும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தச் சொல்லே அடுத்த சண்டைக்கு விதையாகும்.

## எந்த நாளில் கைமாறுகிறது

பரவலாகக் காணப்படும் வரி “முழுத் தொகையும் செலுத்தியபின் உரிமை மாறும்” என்பது. டெவலப்பருக்கு இது நியாயமான பாதுகாப்பாகத் தோன்றும். வேலை பாதியில் நின்றால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

பதிப்பகத்தின் தவணைகள் 30, 40, 30 சதவீதம் என்று வைப்போம். டிசைன் ஏற்கப்பட்டதும் முதல் தவணை, சோதனைத் தளத்தில் கோடு ஓடியதும் இரண்டாவது, தளம் பொதுவெளிக்கு வந்ததும் மூன்றாவது. மூன்றாம் கட்டத்தில் பக்கங்கள் மெதுவாகத் திறக்கின்றன என்று பதிப்பகம் பணத்தை நிறுத்துகிறது. அது ஒப்பந்தத்தில் இல்லை என்று டெவலப்பர் விலகுகிறார். இப்போது பதிப்பகம் 70 சதவீதம் கொடுத்திருக்கிறது, உரிமை பூஜ்யம். ஏற்றுக்கொண்டு பணமும் கொடுத்த டிசைனைக்கூட இன்னொருவரிடம் கொண்டுபோக முடியாது.

கட்டம்தோறும் உரிமை மாறும்படி எழுதினால் இது நடக்காது:

1. ஒவ்வொரு தவணைக்கும் எந்தப் படைப்புகள் உரியவை என்று அட்டவணையில் சேர்க்க வேண்டும்.
2. அந்தத் தவணை வந்ததும் அந்தப் படைப்புகளின் உரிமை மாறும். அடுத்த கட்டத்தில் சண்டை வந்தாலும் மாறியது மாறியதுதான்.
3. பணம் வராத கட்டத்தின் வேலையைச் சோதித்துப் பார்க்க மட்டும் தற்காலிக உரிமம் இருக்கும். எழுத்து மூல அறிவிப்புக்குப் பின் 30 நாளுக்குள் பணம் வராவிட்டால் அது முடியும்.
4. யார் விலகினாலும், பணம் கொடுத்த கட்டங்களின் மூலக் கோப்புகளை இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று நாள் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். ஏழு நாள் போதும்.

இந்த ஏற்பாட்டில் டெவலப்பருக்கும் இழப்பில்லை. கடைசி 30 சதவீதம் வராதவரை கடைசிக் கட்டத்தின் வேலை அவருடையதாகவே இருக்கிறது. முன்பணம் மிகக் குறைவாக இருந்தால் மட்டும் அவர் முதல் கட்டத்தின் எல்லையைக் குறுக்கிக் கேட்பது நியாயம்.

## டிசைன் கோப்புகள்: கேட்காதவருக்குக் கிடைக்காது

பல டிசைனர்கள் தாங்கள் விற்பது முடிந்த தோற்றத்தை என்றும், அடுக்குகள் கொண்ட வேலைக் கோப்பு தங்களுடையது என்றும் கருதுகிறார்கள். வாடிக்கையாளரோ அதுவும் விலைக்குள் அடக்கம் என்று நினைக்கிறார். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் இருப்பார்கள். ஆகவே ஒப்பந்தம் கோப்பின் வடிவத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: `.fig`, `.psd`, `.ai`, சின்னங்களுக்கு `.svg`. பிடிஎஃப்போ ஜேபெக்கோ வேலைக் கோப்பு ஆகாது.

ஃபிக்மாவில் ஒரு நுணுக்கம் உண்டு. திருத்தும் அனுமதியோடு இணைப்பு ஒன்றைப் பகிர்வதை ஒப்படைத்ததாக நினைத்துவிடுகிறார்கள். கோப்பு டெவலப்பரின் கணக்கிலேயே இருக்கிறது, அவர் நினைத்தால் அனுமதியை எடுக்கலாம். கோப்பின் உரிமையாளராக வாடிக்கையாளரின் கணக்கு மாற வேண்டும், கூடவே `.fig` நகல் ஒன்றையும் இறக்கி வைக்க வேண்டும். பொத்தான், தலைப்புப் பட்டை போன்ற கூறுகளை டிசைனர் தன் குழுவின் தனி நூலகக் கோப்பிலிருந்து இழுத்திருக்கலாம். முதன்மைக் கோப்பு மட்டும் வந்தால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் பொத்தானின் மூல வடிவை மாற்ற முயன்றால் அது இல்லாத நூலகத்தைத் தேடும். நூலகக் கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும்.

எழுத்துருவில் சொந்தமாக்கும் பேச்சே இல்லை, உரிமம் மட்டும்தான். கணினியில் நிறுவி டிசைன் செய்வதற்கான உரிமம் ஒன்று, தளத்தில் ஏற்றுவதற்கான உரிமம் வேறொன்று. தளத்துக்கான உரிமம் பெரும்பாலும் டொமைன் பெயரையோ பக்கப் பார்வைகளின் எண்ணிக்கையையோ வைத்துக் கணக்கிடப்படும். டெவலப்பர் தன் கணினிக்கு வாங்கிய எழுத்துருவைத் தளத்தில் ஏற்றிவிட்டால், எழுத்துரு நிறுவனத்தின் கடிதம் தளத்தின் உரிமையாளருக்குத்தான் வரும். பட வங்கிப் படங்களிலும் வாங்கியவர் பெயரில்தான் உரிமம் இருக்கும், எல்லா வங்கிகளும் அதை மாற்றித் தர விடுவதில்லை. எளிய தீர்வு: எழுத்துரு, படம், பிளக்இன் மூன்றையும் வாடிக்கையாளர் தன் கணக்கிலேயே வாங்கி டெவலப்பருக்குக் கொடுப்பது. திற எழுத்துருவே வேலைக்குப் போதுமென்றால் சிக்கல் முளைக்கவே இடமில்லை.

## எழுத்தும் படமும்

வாடிக்கையாளர் கொடுத்த எழுத்து, படம், முத்திரைச் சின்னம் ஆகியவை வாடிக்கையாளருடையவை, இந்தத் தளத்துக்காகப் பயன்படுத்த மட்டும் டெவலப்பருக்கு அனுமதி. இந்த ஒரு வரி போதும். டெவலப்பர் தரப்பில் எழுதப்பட்ட பக்கங்கள் முதல் கூடையில் சேரும், எழுத்தாளரிடமிருந்து எழுதி வாங்கியிருக்க வேண்டும். வாடிக்கையாளர் எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்த படத்தால் வழக்கு வந்தால் பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று டெவலப்பர் ஒரு வரி சேர்க்கக் கேட்டால் மறுக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறார்கள்: தளம் ஓடத் தொடங்கியபின் தரவுத்தளத்தில் சேர்வது. ஆர்டர்கள், உறுப்பினர் பட்டியல், நூல் விவரங்கள் முழுவதும் வாடிக்கையாளருடையவை என்றும், வேலை முடிந்ததும் டெவலப்பர் தன்னிடமுள்ள நகல்களை அழிக்க வேண்டும் என்றும் தனியாக எழுத வேண்டும்.

டெவலப்பர் இந்த வேலையைத் தன் படைப்புத் தொகுப்பில் காட்டலாமா என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். தளம் வெளியானபின் படங்களாகக் காட்டலாம், கோடையோ தரவையோ காட்டக் கூடாது என்பது பெரும்பாலானவர்கள் ஏற்கும் நடு வழி.

## தாளில் உரிமை, கையில் கோப்பு

பதிப்புரிமை உங்களுடையது என்று தாளில் இருந்தாலும், கோடின் ஒரே நகல் மற்றவரின் கணக்கில் இருந்தால் நீதிமன்றம் போய்த்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே உரிமைப் பிரிவுக்கு அடுத்ததாகவே ஒப்புவிப்புப் பிரிவு வர வேண்டும். கடைசித் தவணைக்கு முன் சரிபார்க்க வேண்டியவை இவை:

1. கோடையும் அதன் மாற்றங்களையும் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியம் தொடக்கம் முதலே வாடிக்கையாளரின் கணக்கில் இருக்க வேண்டும், டெவலப்பர் அதில் பங்களிப்பவராக இருப்பார். கடைசியில் ஒரு ஜிப் கோப்பாக வந்தால் மாற்றங்களின் வரலாறு போய்விடும்.
2. களஞ்சியத்தில் `src` போன்ற மூலக் கோப்புறையும், `package.json`, `package-lock.json` அல்லது `composer.lock` போன்ற கோப்புகளும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சுருக்கிய கோப்புகள் மட்டும் இருந்தால் மூலம் வரவில்லை.
3. `.env` கோப்பு களஞ்சியத்தில் இருக்கக் கூடாது. அதிலுள்ள விவரங்கள் தனியே, பாதுகாப்பான வழியில் வர வேண்டும். வந்ததும் கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்ற வேண்டும்.
4. டொமைன், ஹோஸ்டிங், கட்டண வசதி, மின்னஞ்சல் சேவை ஆகிய கணக்குகள் வாடிக்கையாளரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும்.
5. யார் யார் கோடு எழுதியிருக்கிறார்கள் என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
git shortlog -sne HEAD
```

இது ஒவ்வொருவரின் பெயரையும் மின்னஞ்சலையும், அவர் செய்த பதிவுகளின் எண்ணிக்கையையும் காட்டும். பதிப்பகத்தின் களஞ்சியத்தில் இதை ஓட்டியிருந்தால் ஆர்டர் பகுதியை எழுதிய நண்பரின் பெயர் வந்து நின்றிருக்கும். ஒப்பந்தத்தில் இல்லாத பெயர் ஒன்று தெரிந்தால், அவர் கையெழுத்திட்ட ஒப்படைப்பைக் கேட்டு வாங்கியபின் பணம் கொடுப்பது சரி. எல்லாப் பதிவுகளையும் டெவலப்பரே தன் பெயரில் சேர்த்திருந்தால் இந்தச் சோதனை எதையும் காட்டாது. அதனால்தான் துணை ஒப்பந்தக்காரர் பற்றிய வரி தாளிலும் இருக்க வேண்டும்.

எல்லாம் வந்துவிட்டதா என்பதற்கு ஒரே உறுதியான சோதனை, இதுவரை தளத்தைத் தொடாத ஒருவர் அந்தக் களஞ்சியத்தையும் தரவுத்தள நகலையும் தனியே வந்த `.env` விவரங்களையும் மட்டும் வைத்து வெற்றுக் கணினியில் தளத்தை எழுப்பிப் பார்ப்பது. ஒப்பந்தத்தில் அதையே ஏற்பு நிபந்தனையாக எழுதலாம். எழும்பவில்லை என்றால் என்ன குறைகிறது என்பது பிழைச் செய்தியிலேயே தெரியும்.

## இந்த வரிகள் இல்லாமலே முடிந்துபோன தளங்கள்

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளத்துக்கும் பின்னர் ஒப்படைப்பு எழுதி வாங்கலாம். பழைய ஒப்பந்தத்தின் தேதியைக் குறிப்பிட்டு, மேலே சொன்ன மூன்று கூடைகளையும் அட்டவணையாக்கி, அதே வாசகத்தில் இரண்டு பக்கத்தில் முடித்துவிடலாம். பழைய தேதியைப் போட்டுக் கையெழுத்து வாங்கக் கூடாது. கையெழுத்தாகும் உண்மையான தேதியையே எழுத வேண்டும். முன்பு கொடுத்த பணத்தையே இதற்கான கைம்மாறாகக் காட்டினால் சில நாட்டுச் சட்டங்களில் நிற்காது என்பதால், சிறிய தொகையாவது புதிதாகக் கொடுத்து அதை ஆவணத்தில் குறிப்பிட வேண்டும். டெவலப்பரோடு பேச்சு நல்லபடி இருக்கும்போது, அடுத்த பராமரிப்புத் தொகையோடு சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். துணை ஒப்பந்தக்காரரும் எழுத்தாளரும் இன்னும் அவர் தொடர்பில் இருப்பார்கள் என்பதால், அவர்களின் கையெழுத்தையும் அப்போதே வாங்கித் தரச் சொல்லலாம்.